சுவிட்சைப் போட்ட முதல் மில்லி விநாடிகள்

பத்து வோல்ட் மின்கலம் ஒன்று. அதனுடன் வரிசையாக ஒரு கம்பிச்சுருள், ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி. நடுவில் ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் சில மில்லி விநாடிகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். மின்தேக்கி பத்து வோல்ட்டுக்கு நிரம்பி நிற்கும். கம்பியில் மின்னோட்டம் நின்றுபோயிருக்கும். தொடக்கத்தில் மின்னோட்டம் இல்லை, முடிவிலும் இல்லை. இடையில் எவ்வளவு ஓடியது, எந்தக் கணத்தில் உச்சத்தைத் தொட்டது என்பதே கேள்வி. மின்சுற்றின் பாகங்கள் எரிவதும் வெடிப்பதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பதால் பொறியாளருக்கு இதன் விடை தேவைப்படுகிறது.

இந்த விடையைக் கண்டுபிடிக்கப் பொறியியல் கல்லூரியில் கற்றுத்தரும் முறைக்கு லாப்லாஸ் உருமாற்றம் என்று பெயர். பொறியியல் கணித வகுப்பின் ஸ்லைடுகளில் அது ஏறத்தாழ ஒரே வரிசையில் வரும். முதல் ஸ்லைடில் ஒரு தொகையீடு, இரண்டாவதில் பதினைந்து இருபது வரிகள் கொண்ட ஓர் அட்டவணை, மூன்றாவதில் சில பண்புகள், அதன்பின் கணக்குகள். அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தத் தொகையீடு ஏன் அப்படி இருக்கிறது, வகைக்கெழு எப்படி வெறும் பெருக்கலாக மாறுகிறது என்பவை ஸ்லைடுகளுக்கு இடையிலேயே நழுவிப் போகின்றன. மேலே சொன்ன ஒரே சுற்றை வைத்துக்கொண்டு அவற்றைப் பிடித்துப் பார்க்கலாம்.

முதலில் சுற்றின் அளவுகள். சுருள் 0.1 ஹென்றி. மின்தடை 300 ஓம். சுருளின் கம்பிக்கு உள்ள தடையையும் இதிலேயே சேர்த்துக்கொள்வோம். மின்தேக்கி 5 மைக்ரோஃபாரட். மூன்றும் மின்னோட்டத்துக்கு மூன்று விதமாகப் பதில் சொல்பவை. மின்தடையின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் அந்தக் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. சுருளின் மின்னழுத்தமோ மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. மின்தேக்கியின் மின்னழுத்தம் இதுவரை மொத்தமாக எவ்வளவு மின்னூட்டம் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. மூன்றையும் கூட்டினால் பத்து வோல்ட் வர வேண்டும்.

0.1 di/dt + 300 i + 200000 ∫ i dt = 10

இங்கே 200000 என்பது 1/C. சிக்கல் என்னவென்றால், i என்ற ஒரே அளவு மூன்று வேடங்களில் வருகிறது. அதன் மாறும் வேகம் ஒரு வேடம், அதன் இப்போதைய மதிப்பு ஒன்று, அதன் இதுவரையிலான கூட்டுத்தொகை மற்றொன்று. x + 3x = 10 என்றால் x-ஐப் பொதுவாக வெளியே எடுத்துவிடலாம். இங்கே அப்படி எடுக்க வழியில்லை. ஒரு கணத்தில் i எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய எல்லாக் கணங்களிலும் அது என்னவாக இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கால்குலேட்டர் வருவதற்கு முன் பெரிய எண்களைப் பெருக லாக் டேபிள் பயன்பட்டதைப் பலரும் அறிவோம். இரண்டு எண்களுக்கும் மடக்கை பார்த்து, கூட்டி, விடைக்கு எதிர்மடக்கை பார்ப்பார்கள். பெருக்கல் கூட்டலாகக் குறைந்துவிடும். லாப்லாஸ் உருமாற்றமும் அதே வகைப் பயணம்தான், ஆனால் இங்கே ஒற்றை எண்ணுக்குப் பதில், காலத்தோடு மாறும் ஒரு வளைகோடு முழுவதையும் அப்புறம் கொண்டுபோகிறோம். அங்கே வகைக்கெழு எடுப்பது s என்ற குறியால் பெருக்குவதாகவும், தொகையீடு செய்வது s-ஆல் வகுப்பதாகவும் ஆகிவிடுகின்றன.

கொண்டுபோகும் விதம் இதுதான். வளைகோட்டின் ஒவ்வொரு கணத்து மதிப்பையும் அந்தக் கணத்துக்கான ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறோம். எடை தொடக்கத்தில் 1; நேரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். தேயும் வேகத்தைத் தீர்மானிப்பது s.

F(s) = ∫ f(t) e^(-st) dt   (t = 0 முதல் முடிவிலி வரை)

ஒரு s-க்கு ஓர் எண் கிடைக்கும். எல்லா s-க்கும் கிடைக்கும் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் அது F(s) என்ற புதிய சார்பு. எடையாக e^(-st)-ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அதன் மாறும் வேகம் எப்போதும் அதன் மதிப்பின் -s மடங்கு. இந்த ஒரு குணத்திலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன.

f(t)-யையும் எடையையும் பெருக்கி வரும் பெருக்குத்தொகையைக் கவனியுங்கள். தொடக்கத்தில் அதன் மதிப்பு f(0), ஏனென்றால் எடை அப்போது 1. வெகுகாலம் கழித்து எடை முழுக்கத் தேய்ந்திருக்கும், பெருக்குத்தொகை சுழியாகியிருக்கும். ஆக மொத்த மாற்றம் -f(0). இந்த மாற்றம் இரண்டு காரணங்களால் நிகழ்ந்தது. f மாறியது ஒரு காரணம். எடை தேய்ந்தது மற்றொன்று. f மாறியதன் பங்கைக் கூட்டினால் அது f′-இன் உருமாற்றம். எடை தேய்ந்ததன் பங்கைக் கூட்டினால் அது -s F(s). இரண்டும் சேர்ந்து -f(0) ஆக வேண்டும். எனவே f′-இன் உருமாற்றம்:

s F(s) - f(0)

பகுதித் தொகையீட்டால் ஸ்லைடில் இரண்டு வரியில் நிறுவிவிட்டுப் போகும் சூத்திரம் இதுதான். வகுப்பில் sF(s) மீது எல்லோருடைய கண்ணும் விழுகிறது. எனக்கோ அந்த -f(0) தான் இந்த முறையின் உயிர் என்று தோன்றுகிறது. சுவிட்ச் போடும் முன் சுற்றில் என்ன இருந்தது என்ற தகவல் அந்த ஒற்றை எண்ணின் வழியாகத்தான் கணக்குக்குள் நுழைகிறது. வகைக்கெழுச் சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்கும் பழைய முறையில் முதலில் பொதுத் தீர்வைக் கண்டு, மாறிலிகளை வைத்து, கடைசியில் தொடக்க நிலையைப் பொருத்தி அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே தொடக்க நிலை முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வரலாற்றிலும் சிக்கல் அந்த இடத்தில்தான் இருந்தது. தொகையீட்டுக்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் (1749–1827) மின்சுற்றைக் கண்டவர் அல்ல. நிகழ்தகவுக் கோட்பாட்டில் இத்தகைய தொகையீடுகளைக் கையாண்டவர். மின்சுற்றுக்கு இயற்கணிதத்தைக் கொண்டுவந்தவர் ஆலிவர் ஹெவிசைட் (1850–1925) என்ற ஆங்கிலேயர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், தந்தி ஊழியராக வேலை பார்த்தவர், மற்றதெல்லாம் தாமாகப் படித்தவர். நீண்ட தந்திக் கம்பிகளில் குறிகள் ஏன் மழுங்கிப்போகின்றன என்ற கேள்வி அவரைத் துரத்தியது. வகைக்கெழு எடுக்கும் செயலையே p என்று ஓர் எழுத்தால் குறித்து, அதை ஏதோ ஓர் எண்ணைப் போல வகுத்தும் பெருக்கியும் விடை கண்டார். விடைகள் சரியாகவே வந்தன. ஆனால் ஒரு செயலால் எப்படி வகுக்க முடியும் என்ற கேள்விக்கு அவரிடமிருந்து கணிதர்களுக்குத் திருப்தியான பதில் வரவில்லை. அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவே இருந்தும், இது பற்றிய அவருடைய கட்டுரைத் தொடரின் மூன்றாம் பகுதியை அந்தச் சங்கம் 1894-இல் வெளியிட மறுத்துவிட்டது.

ஹெவிசைட்டின் முறை, சுற்று முழுக்க ஓய்வில் இருந்து தொடங்கும் என்ற நிலைக்கு இயல்பாகப் பொருந்துவது. மின்தேக்கியில் முன்பே மின்னூட்டம் இருந்தால் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அவருக்குப் பின் வந்த பிராம்விச், கார்சன், டாய்ட்ச் போன்றவர்கள் p-க்கு அடியில் இருப்பது லாப்லாஸின் தொகையீடே என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் -f(0) தன் இடத்துக்கு வந்தது, வகுப்பறைக்கும் இந்த முறை வந்து சேர்ந்தது. டாய்ட்ச் எழுதிய ஜெர்மன் நூல் 1937-இல் வெளியானது. இன்று நாம் காணும் ஸ்லைடுகளின் அமைப்பு அந்தக் காலத்து நூல்களிலிருந்து வந்ததுதான்.

இனி நம் சுற்றுக்கு வருவோம். சுவிட்ச் போடும் முன் சுருளில் மின்னோட்டம் இல்லை, மின்தேக்கி காலி. ஆகவே தொடக்க எண்கள் இரண்டும் சுழி. மின்னோட்டத்தின் உருமாற்றத்தை I என்போம். di/dt என்பது sI ஆகிறது. ∫ i dt என்பது I/s ஆகிறது. வலப்பக்கத்துப் பத்து வோல்ட் மாறாத அளவு; தேயும் எடையின் கீழ் மொத்தப் பரப்பு 1/s என்பதால் அது 10/s ஆகிறது.

(0.1 s + 300 + 200000/s) I = 10/s

மூன்று வேடமும் கலைந்து I ஒன்றாகிவிட்டது. அடைப்புக்குள் இருப்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. s-இன் அலகு ‘ஒரு விநாடிக்கு’. ஹென்றியை விநாடியால் வகுத்தால் ஓம். 0.1 s, 300, 200000/s ஆகிய மூன்றும் ஓம் கணக்கில்தான் இருக்கின்றன. அதாவது பள்ளியில் படித்த ஓம் விதியே திரும்பி வந்திருக்கிறது. சுருளும் மின்தேக்கியும் s-ஐப் பொறுத்து மாறும் தடைகளாகத் தோற்றம் தருகின்றன. மின் மறுப்பு என்று இன்று சொல்வதற்கு ‘இம்பீடன்ஸ்’ என்ற பெயரை வைத்ததும் ஹெவிசைட்தான். வரிசையாக இணைத்தால் கூட்டலாம், இணையாக இணைத்தால் பள்ளிச் சூத்திரத்தைப் போடலாம். வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதாமலேயே சுற்றைப் பார்த்து நேரே I-ஐ எழுதிவிடும் பொறியாளர்கள் செய்வது இதைத்தான்.

இரு பக்கத்தையும் சீராக்கினால்:

I = 100 / (s² + 3000 s + 2000000) = 100 / ((s + 1000)(s + 2000))

இப்போது திரும்பிப் போக வேண்டும். அட்டவணையில் e^(-at)-க்கு எதிரே 1/(s + a) என்று இருக்கும். நம்மிடம் இருப்பது இரண்டு காரணிகளின் பெருக்கம் என்பதால் அதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கிறோம். (s + 1000)-ஐக் கையால் மறைத்துவிட்டு மீதியில் s = -1000 என்று போட்டால் 100/1000, அதாவது 0.1. அடுத்ததை மறைத்து s = -2000 என்று போட்டால் -0.1.

I = 0.1/(s + 1000) - 0.1/(s + 2000)

i(t) = 0.1 (e^(-1000t) - e^(-2000t)) ஆம்பியர்

அட்டவணையைப் பின்னோக்கிப் படிப்பது நியாயமா, ஒரே F(s)-க்கு இரண்டு வளைகோடுகள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. இரண்டு வெவ்வேறு தொடர்ச்சியான வளைகோடுகளுக்கு ஒரே உருமாற்றம் இருக்க முடியாது என்று செக் நாட்டுக் கணிதர் லெர்க் நிறுவியிருக்கிறார். அந்தத் தேற்றத்தின் மேல்தான் அட்டவணை நிற்கிறது.

விடை என்ன சொல்கிறது? இரண்டு தேய்வுகள். ஒன்று வேகமாகத் தேய்கிறது, ஒன்று அதில் பாதி வேகத்தில். அவற்றின் வித்தியாசம்தான் மின்னோட்டம். தொடக்கத்தில் இரண்டும் சமம் என்பதால் சுழி. பிறகு ஏறி, 0.69 மில்லி விநாடியில் உச்சம் தொடுகிறது. அப்போது 25 மில்லி ஆம்பியர். அதன்பின் இறங்கி, ஐந்தாறு மில்லி விநாடிகளில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

விடை சரிதானா என்று பார்க்க ஆசிரியரிடம் போக வேண்டியதில்லை, சுற்றையே கேட்கலாம். சுவிட்ச் போட்ட கணத்தில் மின்னோட்டம் சுழி, மின்தேக்கி காலி. ஆகவே பத்து வோல்ட்டும் சுருளின் மேல்தான் விழ வேண்டும். 10-ஐ 0.1-ஆல் வகுத்தால் மின்னோட்டம் விநாடிக்கு 100 ஆம்பியர் வேகத்தில் ஏறத் தொடங்க வேண்டும். நம் விடையின் தொடக்கச் சரிவு 0.1 × (2000 - 1000), அதுவும் 100. அடுத்து, மொத்தமாகப் பாய்ந்த மின்னூட்டம். மின்தேக்கி கடைசியில் 5 மைக்ரோஃபாரட் × 10 வோல்ட் = 50 மைக்ரோகூலோம் வைத்திருக்க வேண்டும். நம் வளைகோட்டின் கீழ்ப் பரப்பு 0.1 × (1/1000 - 1/2000), அதே 50 மைக்ரோகூலோம். இந்த இரண்டு சோதனைகளிலும் தேறிய விடையில் கூட்டல் பிழையோ குறிப் பிழையோ இருப்பது அரிது.

இப்போது மின்தேக்கியில் முன்பே 4 வோல்ட் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மின்தேக்கியின் மின்னழுத்தம் ‘இதுவரை சேர்ந்தது’ மட்டுமல்ல, ‘ஏற்கெனவே இருந்தது’ம்தான். சமன்பாட்டில் 4/s என்ற ஓர் உறுப்பு சேர்கிறது. வலப்பக்கம் 10/s என்பது 6/s ஆகிறது. வளைகோட்டின் வடிவம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் குறைந்து உச்சம் 15 மில்லி ஆம்பியர் ஆகிறது. மின்தேக்கியைத் திருப்பி மாட்டியிருந்தால் 10/s என்பது 14/s ஆகும், உச்சம் 35. மாணவர்களின் விடைத்தாளில் மிகுதியாகப் பிழை நேரும் இடம் இந்தக் குறிதான். எண்களைப் போடும் முன், இருக்கும் மின்னூட்டம் மின்கலத்துக்கு எதிராக நிற்கிறதா, அதற்குத் துணையாக நிற்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பிழை வராது.

தொடக்க மதிப்பு என்றால் சுவிட்ச் போடும் முன்பா, போட்ட பின்பா என்ற குழப்பமும் உண்டு. சுருளின் மின்னோட்டமும் மின்தேக்கியின் மின்னழுத்தமும் இந்தச் சுற்றில் திடீரென்று தாவ முடியாதவை. முன்பும் பின்பும் ஒன்றே. ஆனால் சுருளின் மின்னழுத்தம் நம் சுற்றிலேயே சுழியிலிருந்து பத்து வோல்ட்டுக்கு ஒரே கணத்தில் தாவுகிறது. ஆகவே தொடக்க எண்களை எப்போதும் தாவாத அந்த இரண்டு அளவுகளுக்கே எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்து, மின்தடையை 300-இலிருந்து 20 ஓமுக்குக் குறைத்துப் பாருங்கள். கீழே இருக்கும் கோவை s² + 200 s + 2000000 ஆகிறது. இதற்கு மெய்யெண் மூலங்கள் இல்லை. -100 ± j1411 என்று கலப்பெண்கள் வருகின்றன. மெய்ப்பகுதியான 100 தேயும் வேகம். கற்பனைப் பகுதியான 1411 அலையும் வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 225 அலைவுகள். மின்னோட்டம் இப்போது ஏறி இறங்கி நிற்பதில்லை. முன்னும் பின்னும் ஊசலாடி அடங்குகிறது. இந்த மாற்றம் நிகழும் எல்லை சுமார் 283 ஓம். அதற்கு மேல் ஊசலாட்டம் இல்லை, கீழே வந்தால் உண்டு. விடையை முழுக்கக் கண்டுபிடிக்காமல், கீழே இருக்கும் கோவையின் மூலங்களை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடிவது இந்த முறையின் பெரிய பலன்.

நடைமுறையில் இதற்கு விலை உண்டு. 20 ஓம் சுற்றில், சுவிட்ச் போட்ட 2.2 மில்லி விநாடியில் மின்தேக்கியின் மேல் ஏறக்குறைய 18 வோல்ட் இருக்கும். மின்கலம் பத்து வோல்ட்தான். சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க முடியாமல், நிரம்பிய மின்தேக்கிக்குள் மேலும் மின்னூட்டத்தைத் தள்ளுகிறது. பத்து வோல்ட் சுற்றுக்கு 16 வோல்ட் என்று அச்சிட்ட மின்தேக்கி போதும் என்று வாங்கியிருந்தால் அது தன் வரம்பைத் தாண்டிவிடும்.

மின்தடையை முழுக்க எடுத்துவிட்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. இறுதி மதிப்புத் தேற்றம் என்று ஒன்று ஸ்லைடில் இருக்கும்: sF(s)-இல் s-ஐச் சுழியை நோக்கிக் கொண்டுபோனால் வெகுகாலம் கழித்து வரும் மதிப்பு கிடைக்கும் என்பது. 300 ஓம் சுற்றுக்கு அது மின்னோட்டம் சுழி என்று சரியாகச் சொல்கிறது. தடையே இல்லாத சுற்றில் I = 100/(s² + 2000000). தேற்றத்தைப் போட்டால் இங்கும் சுழி வருகிறது. உண்மையில் அந்தச் சுற்றில் மின்னோட்டம் 71 மில்லி ஆம்பியர் வீச்சுடன் ஓயாமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இறுதி மதிப்பு என்று ஒன்றே கிடையாது. sF(s)-இன் கீழ்க்கோவையின் மூலங்கள் எல்லாவற்றுக்கும் மெய்ப்பகுதி எதிர்மமாக இருந்தால் மட்டுமே அந்தத் தேற்றத்தை எடுக்கலாம். ஸ்லைடில் இந்த நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

முறை முழுவதுமே நிற்பது நேரியல் என்ற அடித்தளத்தில். நம் சுற்றின் மின்தடைக்குப் பதிலாக ஓர் இழை பல்பை மாட்டினால், இழை சூடாகச் சூடாக அதன் தடை ஏறும். அப்போது R-உம் i-யும் இரண்டுமே காலத்தோடு மாறுபவை. சமன்பாட்டில் அவற்றின் பெருக்கம் நிற்கிறது. இரண்டு சார்புகளின் பெருக்கத்துக்கு உருமாற்றம் எடுத்தால் அவற்றின் உருமாற்றங்களின் பெருக்கம் வராது. டையோடு போட்டாலும் இதே கதி. அத்தகைய சுற்றுகளுக்கு 1970-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் உருவான ஸ்பைஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவை காலத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எண்களாகவே விடை காண்கின்றன. துண்டின் அளவைப் பெரிதாக வைத்துவிட்டால் உச்சத்தைத் தவறவிடும். ஆகவே பல்பையோ டையோடையோ மாட்டும் முன், முதலில் 300 ஓம் சுற்றையே அந்த மென்பொருளுக்குக் கொடுங்கள். 0.69 மில்லி விநாடியில் 25 மில்லி ஆம்பியர் என்று திரையில் வரவில்லை என்றால் துண்டின் அளவைக் குறைக்க வேண்டும்.